டெலிவரி அழைப்பு வரவில்லையா, திரும்பக் கூப்பிட்டால் போகவில்லையா, உங்கள் நம்பர் வெளியே போய்விட்டதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சேலத்தில் ஒரு பார்சல் ஹப்பில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். "கஸ்டமர் போன் எடுக்கவில்லை" என்று திரும்பி வந்த பார்சல்களைப் பார்ப்பதுதான் என் மேஜை. பார்சல்காரர் கவுன்ட்டருக்கு வந்து, "எனக்கு அழைப்பே வரலைங்க" என்பார். டெலிவரி தம்பி, "மூணு தடவை கூப்பிட்டேண்ணா" என்பார். பெரும்பாலும் இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்வார்கள். கோளாறு இருவருக்கும் நடுவில் இருக்கும் எண்ணில் இருக்கும். ஹப்பில் அதை மாஸ்க் நம்பர் என்போம்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் அந்த எண் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுவோம். அது புரிந்தால் மீதி எல்லாம் அதிலிருந்தே வரும்.

டெலிவரி தம்பி தன் ஆப்பில் போன் படத்தைத் தொடுகிறார். அவர் போன் கூப்பிடுவது உங்களை அல்ல, கம்பெனி வாடகைக்கு எடுத்து வைத்திருக்கும் ஓர் எண்ணை. அந்த எண்ணின் பின்னால் இருக்கும் கணினி இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது: எந்த எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது, எந்த எண்ணுக்கு வருகிறது. பிறகு தன் பட்டியலில் தேடுகிறது. "இந்த ஆள், இந்த எண்ணுக்குக் கூப்பிட்டால், இன்றைய ஆர்டர்படி இவருக்கு இணை" என்று அங்கே ஒரு வரி இருக்கும். அதன்படி உங்களைக் கூப்பிட்டு இரண்டு முனையையும் சேர்த்து விடுகிறது. உங்கள் போனிலும் நடுவில் உள்ள எண்தான் தெரியும், அவர் போனிலும் அதேதான். நீங்கள் திரும்பக் கூப்பிட்டாலும் இதே தேடல் மறுபக்கமாக நடக்கும். டெலிவரி முடிந்து கொஞ்ச நேரத்தில் அந்த வரி அழிந்துவிடும். எண் வேறொருவர் ஆர்டருக்குப் போய்விடும்.

சில கம்பெனிகள் இன்னொரு வகையில் செய்கின்றன. பார்சல் லேபிளில் பொதுவான ஓர் எண்ணையும் அந்த ஆர்டருக்கான பின் நம்பரையும் அச்சிட்டிருப்பார்கள். தம்பி அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பின் நம்பரை அழுத்தினால் உங்களுக்கு மணி அடிக்கும். வரியைக் கண்டுபிடிக்க அங்கே பின் நம்பர் உதவுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அறிகுறி 1: "கூப்பிட்டோம், எடுக்கவில்லை" என்கிறார்கள். உங்கள் போனில் மிஸ்டு கால்கூட இல்லை

முதலில் போன் தானாகவே அழைப்பைத் தடுத்திருக்கிறதா என்று பாருங்கள். மாஸ்க் நம்பர் உங்கள் தொடர்புப் பட்டியலில் இருக்காது, ஒவ்வொரு முறையும் மாறியும் வரும். ஐபோனில் Silence Unknown Callers போட்டிருந்தால் மணியே அடிக்காது, அழைப்புப் பதிவில் மட்டும் இருக்கும். அழைப்பவர் பெயர் காட்டும் ஆப் வைத்திருந்தால், அதற்குள் தடுக்கப்பட்ட அழைப்புகள் என்று தனியே ஒரு பட்டியல் இருக்கும். போனின் வழக்கமான பதிவில் இல்லாதது அங்கே கிடக்கலாம்.

அந்த ஆப்களில் சிவப்பாகத் தெரிவதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே எண் இன்று உங்களுக்கும் நாளை வேறு பத்துப் பேருக்கும் போகிறது. அதில் யாரோ ஒருவர் எரிச்சலில் ஸ்பாம் என்று குறித்திருந்தால் உங்கள் போனிலும் அது ஒட்டிக்கொண்டு வரும். பெயரும் அப்படித்தான், யாரோ ஒருவர் தன் வசதிக்குச் சேமித்து வைத்த பெயர். பார்சல் வர வேண்டிய நாளில் மட்டும் அந்தத் தடுப்பை எடுத்துவிட்டு, சாயங்காலம் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். போன மாதம் நீங்களே கோபத்தில் பிளாக் செய்த எண்கூட அதே கம்பெனியின் மாஸ்க் நம்பராக இருக்கலாம். பிளாக் பட்டியலையும் ஒரு தடவை பாருங்கள்.

தடுப்பு எதுவும் இல்லை என்றால் அடுத்த சந்தேகம் சிக்னல். ஏற்காட்டில் இதுதான் பாதி. சிக்னல் இல்லாத நேரத்தில் வந்த அழைப்புக்கு மிஸ்டு கால் விழாது. சிக்னல் திரும்பியதும் "இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது" என்று நெட்வொர்க் பெரும்பாலும் குறுஞ்செய்தி அனுப்பும். பலர் படிக்காமல் தள்ளிவிடும் அந்தச் செய்தியில் மாஸ்க் நம்பரும் நேரமும் இருக்கும்.

இரண்டும் இல்லையென்றால், தம்பி உண்மையில் கூப்பிட்டாரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மாஸ்க் அழைப்பின் பெரிய நன்மை இது: ஒவ்வொரு முயற்சிக்கும் கம்பெனியிடம் பதிவு இருக்கும். எத்தனை மணிக்குக் கூப்பிட்டார், உங்கள் பக்கம் மணி அடித்ததா, எந்த முனையில் அறுந்தது என்பதெல்லாம் அதில் தெரியும். புகார் செய்யும்போது "வரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆப்பில் "டெலிவரி முயற்சி" என்று காட்டும் நேரத்தைச் சொல்லி, "அந்த நேரத்து அழைப்புப் பதிவைப் பாருங்கள்" என்று கேளுங்கள். எங்கள் ஹப்பில் அப்படிக் கேட்டவர்களுடைய பார்சல்தான் அன்றே மறுபடி கிளம்பும்.

அறிகுறி 2: மிஸ்டு கால் இருக்கிறது. திரும்பக் கூப்பிட்டால் "தவறான எண்" அல்லது "ஆர்டர் எதுவும் இல்லை" என்று குரல் வருகிறது

அதிகம் வருவதும் அதிகம் குழப்புவதும் இதுதான். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டிருப்பீர்கள், வரி அழிந்திருக்கும், இல்லையென்றால் அது பின் நம்பர் வகையாக இருக்கும். பின் வகை என்றால் குரல் பின் நம்பரைக் கேட்கும், சுலபமாகத் தெரிந்துவிடும். மற்ற இரண்டைப் பிரிக்க, ஆப்பில் ஆர்டர் இன்னும் "டெலிவரிக்குக் கிளம்பியது" என்று காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் வரி உயிரோடு இருக்கும் வாய்ப்பே அதிகம், கோளாறு நீங்கள் கூப்பிட்ட எண்ணில்.

ஒரு வீட்டில் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். மகன் சேலம் ஃபேர்லாண்ட்ஸில், அம்மா ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் ஒரு காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீட்டில். மகன் தன் கணக்கில் அம்மாவுக்கு மிக்ஸி ஆர்டர் செய்தார். முகவரி அம்மாவுடையது, முகவரிக்குக் கீழே இருந்த போன் எண் அவருடையது. தம்பி மேலே நின்று கூப்பிட, மணி ஃபேர்லாண்ட்ஸில் அடித்தது. மகன் வேலையில் இருந்தார், எடுக்கவில்லை. அரை மணி கழித்து மிஸ்டு காலைப் பார்த்துத் திரும்பக் கூப்பிட்டார். போகவில்லை. அந்த எண்ணை அம்மாவுக்கு அனுப்பி, "நீங்க கூப்பிடுங்கம்மா" என்றார். அம்மா கூப்பிட்டும் போகவில்லை. பார்சல் திரும்பியது.

அம்மா கூப்பிட்டது ஏன் போகவில்லை என்பது தெளிவு: பட்டியலில் அவர் எண்ணே இல்லை. மாஸ்க் நம்பரை இன்னொருவருக்கு அனுப்பினால் அது அவருக்கு வெறும் பத்து இலக்கம், பயன்படாது. ஆனால் மகன் கூப்பிட்டது ஏன் போகவில்லை? அவர் போனை வாங்கிப் பார்த்தேன். அழைப்புப் பதிவில் ஒவ்வொரு அழைப்புக்குப் பக்கத்திலும் சின்னதாக 1 அல்லது 2 என்று இருக்கும், எந்த சிம் என்பதற்கு. வந்த அழைப்பில் 1. அவர் திரும்பக் கூப்பிட்டதில் 2. அலுவலகத்து சிம்மை வெளியழைப்புக்கு என்று நிரந்தரமாக வைத்திருந்தார், அது அவருக்கே மறந்து போயிருந்தது. கணினிக்கு அவர் அறிமுகமில்லாத ஆள்.

சரி என்று, அடுத்த முறை முகவரிக்குக் கீழே அம்மா எண்ணைப் போடச் சொன்னேன். போட்டார். மறுபடி கோளாறு. இப்போது அம்மாவுக்கே மணி அடித்தது, எடுத்தவுடன் அறுந்தது. அம்மா திரும்பக் கூப்பிட்டார், போகவில்லை. அவர் போனிலும் இரண்டு சிம். முகவரியில் கொடுத்திருந்தது சேலத்தில் இருந்த காலத்திலிருந்து வைத்திருக்கும் பழைய எண். அதற்கு அந்த வீட்டில் வாசல் படியில் ஒரு கோடு சிக்னல், சமையலறையில் அதுவும் இல்லை. நன்றாக எடுப்பது இரண்டாவது சிம். பழைய சிம்மில் சிக்னல் இல்லாததால் போன் இரண்டாவதிலிருந்து கூப்பிடட்டுமா என்று கேட்டிருக்கிறது, அவரும் சரி என்று தொட்டிருக்கிறார்.

மூன்றாவது ஆர்டரில் இரண்டு மாற்றம் செய்தோம். முகவரியில் இரண்டாவது சிம்மின் எண். போன் செட்டிங்கில், வெளியழைப்புக்கும் அதே சிம். அப்புறம் பார்சல் ஒழுங்காக வந்தது. வீட்டில் வைஃபை இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: பழைய எண்ணையே வைத்துக்கொண்டு, சிம் செட்டிங்கில் Wi-Fi calling என்பதை இயக்குவது. நெட்வொர்க்கும் போனும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். அதில் வரும், போகும் அழைப்பு எல்லாம் உங்கள் சொந்த எண்ணிலேயே நடப்பதால் மாஸ்க் கணினி உங்களை அடையாளம் கண்டுகொள்ளும். வாட்ஸ்அப் அழைப்பு இதற்கு மாற்று ஆகாது. அது இந்தப் பாதைக்குள்ளேயே வராது.

ஒரு வரம்பு. முகவரிப் புத்தகத்தில் இன்று எண்ணை மாற்றினால் அடுத்த ஆர்டருக்குத்தான் பொதுவாக உதவும். பார்சல் கட்டி லேபிள் ஒட்டும்போது இருந்த எண்ணே அதோடு பயணிக்கிறது. வழியில் இருக்கும் பார்சலுக்கு எண்ணை மாற்ற வேண்டும் என்றால் கம்பெனியின் உதவி மையத்தில் அந்த ஆர்டரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

அறிகுறி 3: திரும்பக் கூப்பிட்டால் முன்பின் தெரியாத ஒருவர் எடுக்கிறார்

வரி அழிந்து, எண் வேறு ஆர்டருக்குப் போயிருக்கிறது. உங்கள் பெயர், முகவரி, ஆர்டர் எண் எதையும் சொல்லாமல் வைத்துவிடுங்கள். நேற்றைய மிஸ்டு காலுக்கு இன்று கூப்பிடும் பழக்கம் இதில் உதவாது. ஆப்பில் அந்த ஆர்டரைத் திறந்து அங்கிருக்கும் போன் படத்தைத் தொட்டால்தான் இன்றைய சரியான எண் கிடைக்கும். ஆர்டர் முடிந்துவிட்டிருந்தால் அந்தப் படமே இருக்காது.

அறிகுறி 4: தம்பி தன் சொந்த எண்ணிலிருந்து உங்கள் சொந்த எண்ணுக்கே கூப்பிடுகிறார், அல்லது வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது

மாஸ்க் கழன்றுவிட்டது. எங்கே கழன்றது என்று கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: அவரோடு ஒரு தடவையாவது நீங்கள் பேசுவதற்கு முன்பே நேரடி அழைப்பு வந்ததா, பேசிய பிறகு வந்ததா?

முன்பே வந்தது என்றால் எண் எழுத்தில் இருந்திருக்கிறது. இரண்டு இடம் பாருங்கள். முதலாவது, முகவரியில் அல்லது "டெலிவரி குறிப்பு" என்ற பெட்டியில் நீங்களே தட்டச்சு செய்தது. "வீடு தெரியாவிட்டால் இந்த எண்ணுக்குக் கூப்பிடவும்" என்று மலைமேல் பலர் எழுதுகிறார்கள். ஆப் மறைப்பது போன் எண்ணுக்கு என்று இருக்கும் கட்டத்தை மட்டும்தான். முகவரி வரிக்குள் எழுதியது அப்படியே லேபிளில் அச்சாகும். இரண்டாவது இடம் அந்த லேபிள். பார்சலைப் புரட்டி, பெயருக்குக் கீழே இருக்கும் எண்ணைப் படியுங்கள். அறிமுகமில்லாத எண்ணும் பின் நம்பரும் இருந்தால் நல்லது. உங்கள் பத்து இலக்கமும் அப்படியே இருந்தால், அந்த விற்பனையாளரோ கூரியரோ மாஸ்க் பயன்படுத்தவே இல்லை. ஆப்பில் மறைக்கும் கம்பெனிகூட, கடைசிக் கட்டத்தை வேறு கூரியரிடம் கொடுக்கும்போது எண்ணை வெளிப்படையாகக் கொடுத்துவிடுவது உண்டு. பார்சல் ஏற்காட்டுக்கு ஒரு கையில் வரும், சேலத்துக்குள் இன்னொரு கையில் வரும்.

அப்படி எண் அச்சான லேபிளை அட்டையோடு குப்பையில் போடாதீர்கள். கிழித்துத் தனியே அழியுங்கள். வழவழவென்று இருக்கும் லேபிள் பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் தாள். இஸ்திரிப் பெட்டியை லேசாக வைத்தால் முழுதும் கறுத்துவிடும்.

பேசிய பிறகுதான் நேரடி அழைப்பு வந்தது என்றால், எண் உங்கள் கையிலிருந்தே போயிருக்கிறது. "அம்மா, சிக்னல் இல்லைங்க, உங்க நம்பர் சொல்லுங்க" என்று கேட்டிருப்பார், சொல்லியிருப்பீர்கள். அல்லது வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் அனுப்பியிருப்பீர்கள். அனுப்பிய அந்த நொடியே உங்கள் எண் அவரிடம் போய்விடும். நீங்கள் வைத்திருக்கும் பெயரும், செட்டிங்கைப் பொறுத்துப் படமும் கூடப் போகும்.

தம்பிகள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மாஸ்க் அழைப்புக்கு அவர் ஆப் திறந்து, டேட்டா ஓட வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே பல இடங்களில் பேசும் சிக்னல் இருக்கும், டேட்டா சுற்றிக்கொண்டே நிற்கும். போன் படத்தைத் தொட்டால் எதுவும் நடக்காது. நேரடி எண் கேட்பது பெரும்பாலும் அதனால்தான். அவருக்கு அழைப்பே தேவைப்படாதபடி செய்வதுதான் நல்ல வழி. டெலிவரி குறிப்பில் எண்ணுக்குப் பதிலாக வழியை எழுதுங்கள்: "ஒண்டிக்கடை ரவுண்டானாவிலிருந்து நாகலூர் ரோடு, இடது பக்கம் பச்சை கேட், ஆள் இல்லாவிட்டால் கேட் பக்கத்து மளிகைக் கடையில் கொடுக்கவும்." கடைக்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள். ஆப்பின் வரைபடத்தில் இடம் காட்டும் முள்ளை வீட்டின் மேலேயே கையால் நகர்த்தி வையுங்கள். தோட்டத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கு அது மெயின் ரோட்டிலேயே போய் நிற்கும். இடையில் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால், ஆப்பிலேயே செய்தி அனுப்பும் வசதி இருந்தால் அதில் அனுப்புங்கள். சிக்னல் வரும் இடத்தில் அவருக்குக் கிடைக்கும், எண்ணும் போகாது.

பேசவும் இல்லை, லேபிளும் சுத்தம், ஆனால் டெலிவரி முடிந்த பிறகு வாட்ஸ்அப் வருகிறது. ஹப்பில் எனக்கே வெகு நாள் பிடிபடாத ஒன்று இது. பிடிபட்டது ஒரு தம்பி தன் போனைக் காட்டியபோது. டெலிவரி நேரத்தில் பணம் கொடுக்கும் ஆர்டர். கஸ்டமர் தம்பியின் சொந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பணம் அனுப்பியிருந்தார். தம்பியின் திரையில் பணம் வந்த விவரத்தில், அனுப்பியவர் பெயருக்குக் கீழே அவருடைய யுபிஐ முகவரி இருந்தது. @ குறிக்கு முன்னால் இருந்தது அவருடைய பத்து இலக்கப் போன் எண். மாஸ்க் முழுவதும் ஒழுங்காக வேலை செய்தும், எண் பணத்தோடு போய்விட்டது.

உங்கள் பணம் செலுத்தும் ஆப்பில் சுயவிவரப் பக்கத்தைத் திறந்து யுபிஐ முகவரியைப் பாருங்கள். @ குறிக்கு முன்னால் போன் எண் இருந்தால், அதே பக்கத்தில் வேறு முகவரி உருவாக்கும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். பெயரோ எழுத்துகளோ வைத்து ஒன்று உருவாக்கி, பணம் அனுப்ப அதையே முதன்மையாக்குங்கள். ஒரு ரூபாயை வீட்டில் இன்னொருவருக்கு அனுப்பி, அவர் திரையில் எது தெரிகிறது என்று சரிபாருங்கள். வாசலில் பணம் கொடுக்கும்போது, தம்பியின் கம்பெனி ஆப் காட்டும் கியூஆரைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பணம் கம்பெனிக் கணக்குக்குப் போகும், அவருடைய சொந்தப் போனுக்கு விவரம் வராது.

எண் ஏற்கெனவே போய்விட்டது, தொல்லையும் வருகிறது என்றால், பிளாக் செய்வதற்கு முன் செய்தியையும் அழைப்புப் பதிவையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆர்டர் எண்ணோடு கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்புங்கள். எந்த ஆர்டரை யார் கொண்டுவந்தார் என்பது அவர்களிடம் இருக்கும். மிரட்டலோ ஆபாசமோ இருந்தால் கம்பெனிக்காகக் காத்திருக்காமல் போலீஸுக்குப் போங்கள்.

அறிகுறி 5: "டெலிவரியிலிருந்து பேசுகிறேன்" என்பவர் ஏதோ ஓர் எண்ணை அழுத்தச் சொல்கிறார்

இது கோளாறு அல்ல, மோசடி. "முகவரி உறுதியாக வேண்டும், இதை டயல் பண்ணுங்க" என்று `*401*` அல்லது `*21*` என்று தொடங்கி, பின்னால் ஒரு போன் எண்ணைச் சேர்த்துச் சொல்வார்கள். அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அந்த எண்ணுக்குத் திரும்பிவிடும். வங்கி குரல் வழியாகச் சொல்லும் ஓடிபியும் அங்கேதான் போகும். மாஸ்க் நம்பர் எப்போதும் அறிமுகமில்லாத எண்ணாகவே வருவதால், இந்த ஆளும் அதே மாதிரி வந்து கலந்துவிடுகிறார். பிரித்துப் பார்க்க வழி சுலபம். உண்மையான தம்பிக்கு உங்களிடமிருந்து தேவை வழி மட்டும், எதையும் அழுத்தச் சொல்ல அவருக்குக் காரணமே இல்லை. டெலிவரி ஓடிபியும் பொருளைக் கையில் வாங்கும்போது வாசலில் சொல்வது, போனில் அல்ல. சந்தேகம் என்றால் வைத்துவிட்டு ஆப்பைத் திறந்து, அங்கிருக்கும் போன் படத்தைத் தொட்டு நீங்களே கூப்பிடுங்கள்.

இது பெருகியதால் தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரல் 15 முதல் இப்படிக் குறியீடு அழுத்தி அழைப்பைத் திருப்பும் வசதியை நிறுத்தி வைக்க நெட்வொர்க்குகளுக்கு உத்தரவிட்டது. அதை நம்பி அழுத்திப் பார்க்க வேண்டாம். ஏற்கெனவே அழுத்திவிட்டீர்கள் என்றால், முதல் வரி நிலையைக் காட்டும், இரண்டாவது வரி எல்லாத் திருப்பலையும் நீக்கும்:

```
*#21#
##002#
```

எல்லா நெட்வொர்க்கிலும் இவை ஒரே மாதிரி வேலை செய்யாது. பதில் வராவிட்டால் போன் ஆப்பின் செட்டிங்கில் Call forwarding என்பதைத் திறந்து ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். இரண்டு சிம் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். பிறகு இன்னொரு போனிலிருந்து உங்கள் எண்ணைக் கூப்பிட்டு மணி உங்கள் கையில் அடிக்கிறதா என்று பாருங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930, அப்புறம் வங்கி.